மோட்டார் சேர்க்கப்படவில்லை

ஜெபசுதா நாசரேத்துக்காரி. அப்பா சுந்தரராஜ் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இங்கிலீஷில் எம்.ஏ. முடித்தாள். துறைமுகத்தை ஒட்டிய கன்டெய்னர் யார்டில் கிளார்க்காக இருந்த ஜாய்சனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தாள். தெருக்கோடியில் இருந்த சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தாள். கொரோனா வந்து பள்ளியை மூடினார்கள். பிறகு எல்லாப் பள்ளியும் திறந்தன, அது மட்டும் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் காசிலிங்கம் அண்ணாச்சி ஆள் தேடிக்கொண்டிருந்தார். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்து பாத்திரக்கடை வைத்து நிலைத்தவர். கொரோனாவுக்குப் பின்னால் கடைக்கு வரும் கூட்டம் குறைந்துபோய், போனில் வாங்கும் கூட்டம் பெருகியதைப் பார்த்தார். கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டு, ஒரு ஷாப்பிங் ஆப்பில் கணக்குத் திறந்து ஆன்லைன் விற்பனையைத் தொடங்கினார். சாமான் அனுப்ப ஆள் இருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுதிப் போட ஆள் இல்லை. "டீச்சர், நீங்க எழுதிக் குடுத்தா போதும், மத்ததெல்லாம் நம்ம பையலுவ பாத்துக்கிடுவானுவ" என்றார். ஜெபசுதாவும் சரி என்றாள்.

முதலில் அவள் எழுதியதெல்லாம் பரீட்சைப் பேப்பரில் எழுதியது மாதிரி இருந்தது. ஒரு தூக்குச் சட்டிக்கு நாலு வரி வர்ணனை. நேர்த்தியான, உயர்தரமான, நவீன சமையலறைக்கு ஏற்ற என்று அர்த்தம் வரும் வார்த்தைகளாகத் தேடிப் போட்டாள். அண்ணாச்சிக்கு வாசித்தால் புரியாது. பார்க்க நீளமாக இருந்ததில் அவருக்கும் திருப்தி.

கண்ணைத் திறந்துவிட்டது மேசையில் இருந்த போன்தான். பார்சல் மேலே ஒட்டும் சீட்டில் குடோன் நம்பரும் இருக்கும். அதைப் பார்த்து ஆட்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். எடுத்துப் பேசுகிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. விளாத்திகுளம், கோவில்பட்டி, உடன்குடி, சில நேரம் தஞ்சாவூர்ப் பக்கம். பெரும்பாலும் முதல் தடவையாகப் போனில் சாமான் வாங்குகிறவர்கள். மகனோ மகளோ போனை வாங்கிக் கொடுத்திருப்பார்கள், ஆப்பையும் ஏற்றிக் கொடுத்திருப்பார்கள். அதற்கு மேல் அவர்களாகத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு அம்மா கேட்டது ஜெபசுதாவுக்கு ரொம்ப நாள் மறக்கவில்லை. மூன்றடுக்கு என்ற அர்த்தத்தில் 'த்ரீ டியர் டிபன் கேரியர்' என்று இவள் எழுதியதை எழுத்துக் கூட்டி 'த்ரீ டயர்' என்று படித்துவிட்டு, "அதுக்கு எதுக்கும்மா சக்கரம்?" என்று கேட்டாள் அந்த அம்மா. ஜெபசுதா அன்றைக்கே அதை அழித்துவிட்டு 'மூணு டப்பா' என்று அர்த்தம் வருகிற மாதிரி சின்ன இங்கிலீஷில் மாற்றினாள். 'செட்' என்று எழுதினால் ஒன்றுக்கு மேல் வரும் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்ததும் அந்தச் சொல்லையும் எடுத்துவிட்டாள். மூடி இறுக்கமான டப்பாவுக்கு, காற்றுப் புகாது என்று பெருமையாகப் போட்டிருந்ததை, எறும்பு ஏறாது என்று மாற்றினாள்.

அடுத்த கேள்வி, தமிழில் எதைப் போடுவது, எதைப் போட வேண்டாம் என்பது. ஆரம்ப வேகத்தில் எல்லாவற்றுக்கும் தமிழ் போட்டுப் பார்த்தாள். தலைப்பில் தமிழ் எழுத்து இருந்தால் சரக்கை ஏற்கவே மாட்டோம் என்றார்கள் ஆப்காரர்கள், தலைப்பு இங்கிலீஷில்தான் இருக்க வேண்டுமாம். கீழே விவரத்தில் போடலாம். ஆனால் இங்கிலீஷும் தமிழும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டதும் நீளமாகிவிட்டது. போனில் முதல் ரெண்டு வரிதான் தெரியும், மிச்சத்துக்கு 'மேலும் பார்க்க' என்பதைத் தட்ட வேண்டும். அதை யாரும் தட்டுவதில்லை. இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. தமிழ் வேண்டும் என்று ஆப்பில் அமைத்துக்கொண்டவர்களுக்கு, இவள் எழுதிய இங்கிலீஷை ஆப்பே தமிழாக்கிக் காட்டும். ஸ்டீல் என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அது அங்கே 'துருப்பிடிக்காத எஃகு' ஆகிவிடும். அந்தத் தமிழை மாற்ற இவளுக்கு வழி கிடையாது.

அண்ணாச்சிக்கும் தமிழ் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சரக்கு ஆந்திராவுக்கும் போகிறது, கர்நாடகாவுக்கும் போகிறது, அவன் பார்த்தால் என்ன நினைப்பான் என்றார். கடைசியில் ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அளவு, ஸ்டீல், லிட்டர், மூடி எல்லாம் இங்கிலீஷிலேயே இருக்கட்டும். ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொண்டு திருப்பி அனுப்புகிற சாமானுக்கு மட்டும் ஒரு வரி தமிழ். எது அந்த மாதிரி சாமான் என்று முடிவு செய்வது ஜெபசுதாவின் பொறுப்பு.

மிக்ஸி ஜாருக்கு அவள் தமிழ் போடவில்லை. ஜார் என்பது அடுப்படியில் எல்லாரும் சொல்கிற சொல். அதற்குத் தமிழ் வேண்டாம் என்று நினைத்தாள். படத்தில் ஜாரை ஒரு மிக்ஸி மேல் உட்காரவைத்து எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும், மெஷின் இல்லாமல் ஜாரை மட்டும் எடுக்கலாமே என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள், வெறும் ஜாரை எவன் தட்டிப் பார்ப்பான் என்றார் அண்ணாச்சி. ஆப்காரர்களும் படத்தைத் தடுக்கவில்லை. அவளும் தலைப்பை ஒழுங்காக எழுதினாள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மிக்ஸர் கிரைண்டர், ஒன்றரை லிட்டர், மூடியுடன், கடைசியில் ஜார். விவரத்தில் மூன்றாவது வரியாக, மோட்டார் இதில் அடங்காது என்று இங்கிலீஷில் போட்டாள். எழுதவேண்டியதை எழுதியாகிவிட்டது என்று அடுத்த சாமானுக்குப் போய்விட்டாள்.

ஆறுமுகத்தாய் குடோனுக்கு வந்தது மதிய நேரத்தில். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கையில் மஞ்சள் பை. முகமும் கையும் உப்பளத்து வெயிலில் கறுத்துக் காய்ந்திருந்தன. பார்சல் சீட்டை நாலாக மடித்து வைத்திருந்தவள், அதை விரித்து வாசலில் நின்றவனிடம் காட்டி, இந்த விலாசம் இதுதானே என்று கேட்டிருக்கிறாள். அவன் ஜெபசுதாவைக் காட்டினான்.

"ஏம்மா, இங்கனதான போன்ல சாமான் விக்கீய?" என்றாள். "மோட்டார் இன்னும் வரலம்மா. அதான் நேர்ல பாத்து வாங்கிட்டுப் போவலாம்னு வந்தேன்."

ஜெபசுதாவுக்கு முதலில் விளங்கவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

ஆறுமுகத்தாய்க்குப் புருஷன் இல்லை. உப்பளத்தில் வேலை பார்த்து ஒரே மகளைப் படிக்கவைத்தாள். மகள் இசக்கிசெல்விக்குத் தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் கல்யாணம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வேல்ராஜ் சாகுபுரம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவன். சீரில் கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. மிக்ஸி மட்டும் பாக்கி. அதைத் தானே போனில் வாங்கிக் கொடுத்து மகளை ஆச்சரியப்படுத்தவேண்டும் என்று நினைத்திருக்கிறாள். கூட வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரும் சேலை, நைட்டி என்று போனில் வாங்குகிறார்கள். கடையைவிட விலை கம்மியாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் மிக்ஸி இவ்வளவு மலிவாக இருக்கிறதே என்று அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"படத்துல மிக்ஸிதான இருந்துச்சு" என்றாள். "பேரு முழுசாத் தெரியலம்மா. என்னமோ எஃகு, கலவைன்னு போட்டு, மூணு புள்ளி வச்சிருந்துச்சு. கீழ தட்டிப் பாத்தேன். பாக்காம இல்ல."

பார்சலில் ஜார் மட்டும் வந்தது. அவள் பயந்துபோய்ப் போனை எடுத்து மறுபடி பார்த்தாள். தமிழில் போட்டிருந்த ஒரு வரி அவளுக்குத் தைரியம் கொடுத்தது. மோட்டார் சேர்க்கப்படவில்லை. அப்படியென்றால் ஜாரோடு சேர்த்து மாட்டி அனுப்பவில்லை, தனியாக இன்னொரு பார்சலில் வரும், வீட்டில் நாம் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். பீரோகூட அப்படித்தான் பாகம் பாகமாக வந்தது. அதனால் காத்திருந்தாள். காத்திருந்ததில் திருப்பி அனுப்புகிற கெடு முடிந்துபோனது அவளுக்குத் தெரியாது, அப்படி ஒரு கெடு இருப்பதும் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவை மகள் வீட்டுக்குப் போனபோது ஜாரைக் கொண்டுபோய்க் கொடுத்து, மிக்ஸி வாங்கியாச்சு, மெஷின் அடுத்த பார்சலில் வந்துகொண்டிருக்கிறது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

அது வைகாசியில். இப்போது புரட்டாசி.

"அன்னைக்கிருந்து எங்க சம்மந்தகாரி பாக்குறப்பல்லாம் கேக்குறாவ, மோட்டார் வந்துட்டா மதினின்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேக்குறாவ" என்றாள் ஆறுமுகத்தாய். பிறகு பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

ஜெபசுதா ஆப்பைத் தமிழில் மாற்றித் தானே அந்த ஜாரைத் திறந்து பார்த்தாள். தலைப்பு 'துருப்பிடிக்காத எஃகு கலவை சாணை…' என்று வெட்டுப்பட்டு நின்றது. மிக்ஸர் கிரைண்டர்தான் அங்கே கலவை சாணை. ஜார் என்ற சொல் கண்ணுக்குத் தெரியும் இடத்திலேயே இல்லை. தட்டி உள்ளே போனால் அது ஜாடியாகியிருந்தது. அதற்குக் கீழே, மேலும் பார்க்க என்பதைத் தட்டினால், மோட்டார் சேர்க்கப்படவில்லை. தன் இங்கிலீஷைத் தேடினாள். அதில் ஒரு தப்பும் இல்லை. இந்தத் தமிழையும் தப்பு என்று சொல்ல முடியாது. இலக்கணமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது.

மோட்டார் வராது என்பதை அவளே சொல்ல வேண்டியிருந்தது. எந்த வார்த்தையில் சொல்வது என்று கொஞ்ச நேரம் தடுமாறினாள். "அக்கா, அது வெறும் ஜாருதான். பழைய ஜாரு ஒடைஞ்சு போச்சுன்னா வாங்குறது. மெஷின் அதுல கிடையாது" என்றாள். ஆறுமுகத்தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி சொல்லச் சொல்வாளோ என்று ஜெபசுதா பயந்தாள். அவள் பார்சல் சீட்டை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கெட்ட மனுஷர் இல்லை. ஜாருக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். கடையில் இருக்கிற ஒரு மிக்ஸியைக் கடைக்கு வாங்கின விலைக்கே எடுத்துக்கொள்ளட்டும், மெதுவாகக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். ஆறுமுகத்தாய் தலையை ஆட்டி மறுத்தாள்.

"இப்ப மிக்ஸியக் கொண்டுபோய்க் குடுத்தா, சொன்ன பொய்ய மறைக்க ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருக்கான்னு சொல்லுவாவ அண்ணாச்சி. எனக்கு மிக்ஸி வேண்டாம். நான் பொய் சொல்லலைன்னு யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அண்ணாச்சி ஜெபசுதாவைப் பார்த்தார். தனியாக அழைத்துப்போய், நாம் எழுதினது தப்பு என்று நம் வாயால் போய்ச் சொல்வது சரியில்லை, யாராவது அதைப் புகாராகப் போட்டால் ஆப்பில் கணக்கையே முடக்கிவிடுவார்கள், குடோனில் வேலை பார்க்கிறவர்கள் கதி என்னவாகும் என்று யோசியுங்கள் என்றார். "நாம ஒண்ணும் பொய் எழுதலியே டீச்சர்" என்று முடித்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் வாசலில் அந்தப் பெண் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடை சார்பாக இல்லை, என் சொந்த ஹோதாவில் போகிறேன் என்றாள் ஜெபசுதா. அண்ணாச்சி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஜெபசுதா ஜாய்சனிடம் சொல்லிவிட்டு பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். ஆறுமுகத்தாய் முன்னாலேயே வந்து காத்திருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். புதுக்கோட்டை அதிக தூரமில்லை. பஸ்ஸை விட்டு இறங்கப்போகும்போது, "நீ இங்கிலீசு படிச்சவ. நீ சொன்னா நம்புவாவ" என்றாள்.

வேல்ராஜ் வீடு மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. வேல்ராஜின் அம்மா வடிவம்மாள் வாசலுக்கே வந்து வரவேற்றாள். யாரோ படித்த பெண் வருகிறாள் என்று தெரிந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இசக்கிசெல்வி கலர் சோடா கொண்டுவந்து கொடுத்தாள், பின்னாலேயே நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள். வேல்ராஜுக்கு நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்த முகம். பனியனோடு வந்து உட்கார்ந்தான்.

ஜெபசுதா நிதானமாகத் தொடங்கினாள். அந்த ஜாரை விற்றது தான் வேலை பார்க்கிற இடம்தான் என்றாள். அதற்கு எழுதியது தான்தான் என்றாள். படத்தில் மெஷின் இருந்தது, ஆப்பில் வரும் தமிழ் குழப்பமாக இருக்கிறது, அக்கா அதைப் படித்துவிட்டு மெஷின் பின்னால் வரும் என்று நம்பிவிட்டார்கள், அவர்கள் வேண்டுமென்று ஒன்றும் சொல்லவில்லை என்றாள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வரிசையாகத்தான் சொன்னாள்.

வடிவம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "அதனால என்னம்மா, நாங்க ஒண்ணும் தப்பா நெனக்கல" என்றாள். அந்த வார்த்தைக்கு அப்புறம் பேச ஒன்றுமில்லாத மாதிரி எழுந்துகொள்ளப் பார்த்தாள். இத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வேல்ராஜ் தன் போனை எடுத்தான். "எங்க, அதக் காட்டுங்க" என்றான். ஜெபசுதா சாமானின் பெயரைச் சொன்னாள். அவன் போனில் ஆப் இங்கிலீஷில்தான் இருந்தது. திறந்து, கீழே தள்ளி, மேலும் பார்க்க என்பதைத் தட்டி, மெதுவாகப் படித்தான். கம்பெனியில் ரிப்போர்ட் எழுதுகிறவன். இங்கிலீஷ் அவனுக்குச் சிரமமில்லை.

"ஜாருன்னு போட்டிருக்கு. மோட்டார் கெடையாதுன்னும் தெளிவாப் போட்டிருக்கே" என்றான். அவன் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. வாசித்ததைச் சொன்னான், அவ்வளவுதான். "நீங்க சரியாத்தான எழுதியிருக்கீங்க?"

எல்லாரும் ஜெபசுதாவைப் பார்த்தார்கள். தமிழில் வேறு மாதிரி வரும் என்று அவள் தன் போனைத் திறந்து காட்டினாள். வேல்ராஜ் அதையும் படித்தான். "சேர்க்கப்படவில்லைன்னா கெடையாதுன்னுதான அர்த்தம்" என்றான்.

அவளால் மறுக்க முடியவில்லை. அர்த்தம் அதுதான். ஆனால் அதை அப்படி அர்த்தப்படுத்திக்கொள்ள இன்னொரு வகைப் படிப்பு வேண்டியிருக்கிறது, கவர்மென்ட் நோட்டீஸ் படித்துப் பழகின கண் வேண்டியிருக்கிறது. பீரோவைப் பாகம் பாகமாக மாட்டிய கைக்கு அது வேறொன்றாகத்தான் படும். இதை எப்படிச் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே வடிவம்மாள் மகனிடம், "விடுல, பாவம். படிக்கத் தெரியாம வாங்கிட்டாவ" என்றாள்.

அது இரக்கமாகச் சொன்னதுதான். ஆறுமுகத்தாய்க்குத் தமிழ் நன்றாகவே படிக்கத் தெரியும். எட்டாவது வரை படித்தவள். மகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நிலைப்படியில் நின்ற இசக்கிசெல்வி அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதுவரைக்கும் அந்த வீட்டில் ஆறுமுகத்தாய் பொய் சொன்னவளாக இருந்தாள். இப்போது படிக்கத் தெரியாதவள் ஆகிவிட்டாள். எது அவளுக்கு அதிகமாக வலித்தது என்று ஜெபசுதாவால் சொல்ல முடியவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது மன்னிப்புக் கேட்க முயன்றாள். "நீ என்னம்மா செய்வ" என்றாள் ஆறுமுகத்தாய். அவள் வீட்டுப் பக்கம் நேரே போகிற பஸ் முதலில் வந்தது. ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே ஜெபசுதா அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். படத்தை மாற்றவேண்டும், ஜாரை மட்டும் வெள்ளைத் துணியில் வைத்து எடுக்கவேண்டும் என்றாள். தலைப்பில் முதல் ரெண்டு வார்த்தையே 'ஜார் ஒன்லி' என்று இருக்கவேண்டும், போனில் வெட்டுப்பட்டாலும் அது தெரியும். விவரத்தில் முதல் வரி தமிழ், இரண்டாவது வரிதான் இங்கிலீஷ். ரெண்டாவது படத்தில் எழுத்துப் போட அனுமதி உண்டு, அதில் பெரிசாகத் தமிழில் போடவேண்டும். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புதுக்கோட்டையில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், சரி மாற்றுங்கள் என்றார்.

'ஜார் மட்டும். மெஷின் வராது.' இதுதான் அவள் எழுதிய வரி. இயந்திரம் என்று எழுதவில்லை, யாரும் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. ஜாடி என்றும் எழுதவில்லை, ஜாடி என்றால் ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வரும். இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டால்தான் சிலருக்குத் தமிழாகவே இருக்கும் என்பது அவளுக்கு இப்போது தெரிந்திருந்தது.

மாற்றியதற்கு அப்புறம் திரும்பி வரும் ஜார்கள் குறைந்தன. வாங்குகிறவர்களும் குறைந்தார்கள். ஆப்பில் அதே ஜாரை வேறு ஊர்க்காரன் ஒருவன் மிக்ஸி மேல் உட்காரவைத்துப் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தான். தேடினால் அவனுடையதுதான் முதலில் வந்தது. அதன் கீழே தமிழில் ஒருத்தர் விமர்சனம் போட்டிருந்தார்: மெஷின் எங்கே. ஜெபசுதா அதைப் புகார் செய்யும் பொத்தானை அழுத்தினாள். நன்றி, பரிசீலிக்கிறோம் என்று வந்தது. மறுவாரமும் படம் அப்படியே இருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். பழைய படத்தையே போடுவோமா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. எத்தனை நாள் கேட்காமல் இருப்பார் என்பது தெரியவில்லை.

ஐப்பசி மழை தொடங்கின ஒரு நாள் போன் அடித்தது. விளாத்திகுளம் பக்கத்து ஆள், வயசான குரல்.

"மெஷின் வராதுன்னு போட்டிருக்கீயளே தாயி" என்றார். "மழைனால வராதா? எப்ப வரும்னு சொன்னா அப்ப ஆர்டர் போடுதேன்."

ஜெபசுதா நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பஸ் வராது, தண்ணி வராது, கரண்ட் வராது என்றால் யாரும் அது இல்லவே இல்லை என்று நினைப்பதில்லை. இன்றைக்கு வராது, நாளைக்கு வரும். அவருக்கு விளக்கிச் சொன்னாள். வீட்டில் மிக்ஸி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை, முதல் தடவையாக வாங்கப் போகிறேன் என்றார். அப்படியானால் இதை வாங்காதீர்கள் ஐயா என்றாள். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். பக்கத்தில் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

அவள் அந்த வரியை அழித்தாள். பிறகு, 'வீட்டில் மிக்ஸி இருந்தால் மட்டும் இதை வாங்குங்கள். இது ஜார் மட்டும். மிக்ஸி இல்லாமல் இது ஓடாது' என்று எழுதினாள். முன்னதைவிட நீளமாகிவிட்டது. எதை வெட்டுவது என்று தெரியவில்லை. கடைசி வரியை எடுத்தாள், மறுபடி சேர்த்தாள். படிக்கிறவர்கள் எந்தச் சொல்லில் எங்கே வழுக்குவார்கள் என்று உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி எப்படித் தெரியும்? யாரிடமாவது வாசித்துக் காட்டத்தான் வேண்டும். அண்ணாச்சிக்கும் ஜாய்சனுக்கும் ஏற்கெனவே விஷயம் தெரியும். அவர்களிடம் வாசித்துப் பிரயோஜனம் இல்லை.

ரொம்பத் தயங்கி ஆறுமுகத்தாய்க்குப் போன் போட்டாள். புதுக்கோட்டைக்குப் போய்வந்த பிறகு பேசவில்லை. மழைக்கு உப்பளத்தில் வேலை நின்றிருக்கும், வீட்டில்தான் இருப்பாள். எடுத்தாள். எப்படி இருக்கிறீர்கள், மகள் எப்படி இருக்கிறாள் என்றெல்லாம் கேட்டாள் ஜெபசுதா. மகள் உண்டாயிருக்கிறாள் என்றாள் ஆறுமுகத்தாய். அங்கே போனீர்களா என்று கேட்டதற்கு, போகணும், போகணும் என்றாள். மிக்ஸிப் பேச்சை ரெண்டு பேரும் எடுக்கவில்லை. கடைசியில் ஜெபசுதாதான், ஒரு வரி எழுதியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள் அக்கா, எங்கேயாவது குழப்பமாக இருந்தால் சொல்லுங்கள் என்று வாசித்தாள்.

அந்தப் பக்கம் மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது.

"இன்னொருக்க வாசி" என்றாள்.

ஜெபசுதா இன்னொரு தடவை வாசித்தாள்.

"இப்ப வெளங்குது" என்றாள் ஆறுமுகத்தாய். "இப்படிப் போட்டிருந்தா நான் வாங்கியிருக்க மாட்டேன்." அப்புறம், "ஓடாதுங்கறது நல்லா இருக்கு. அத எடுத்துராத."

அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். ஜெபசுதா கடைசி வரியை இருந்தபடியே விட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். பரிசீலனையில் இருக்கிறது என்று திரையில் வந்தது. வெளியே லாரியில் பார்சல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நனையாமல் இருக்கத் தார்ப்பாய் கேட்டுக் கத்தினார்கள். அதை எடுத்துக் கொடுக்க எழுந்து போனாள்.